1939 வெள்ளி ரூபாய்: விற்பனைப் பதிவில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

பெட்டகம்_காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா காலத்துப் பெட்டகத்தில் இருந்த வெள்ளி ரூபாய்களை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டோம். என் பங்குக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காசுகள். ஆனால் ஒன்றில் 1939 என்று இருக்கிறது, ஆறாம் ஜார்ஜ் தலை. இன்னொன்று 1911. இரண்டையும் இணையத்தில் விற்கலாம் என்று இருக்கிறேன். 1939-க்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

"மிக மிக அரிய 1939 ஒரு ரூபாய். 100% ஒரிஜினல். யுஎன்சி தரம், புதுக்காசு போலப் பளபளப்பு. பர்மாவில் தொழில் செய்த குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. உண்மையாக வாங்குபவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்."

தரம் சரியாகப் போட்டிருக்கிறேனா? ஒரிஜினல் என்பதற்கு என்ன ஆதாரம் வைக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாணயக்கண்_மதுரை

வாழ்த்துகள் தம்பி. விலை பேசும் முன்னால் இங்கே கேட்டது நல்லது.

நீங்கள் எழுதியதில் காசைப் பற்றி நான்கு வாக்கியம் இருக்கிறது. நான்கில் ஒன்றைக்கூட வாங்குகிறவர் படத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. இந்தக் காசுக்கு அது பெரிய சிக்கல். ஏனென்றால் 1938 ரூபாய் வெள்ளி விலைக்குச் சற்று மேலே போகும் சாதாரணக் காசு. 1939 லட்சக் கணக்கில் போகும். இரண்டுக்கும் இடையே ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். அந்த எட்டை ஒன்பதாக்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். அதனால் 1939 என்று யார் போட்டாலும் அனுபவமுள்ளவர் முதலில் நினைப்பது "இது 1938 ஆக இருக்குமோ" என்பதைத்தான்.

நான்கு விஷயம் கொடுங்கள். பத்து மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடை. இரண்டு பக்கமும் படம். ஓரத்தைச் சுற்றிலும் படம், முக்கியமாக மன்னரின் கிரீடத்துக்கு நேர் மேலே உள்ள ஓரம். அப்புறம் ஆண்டு இலக்கங்கள் மட்டும் நெருக்கத்தில். பளபளப்பு என்கிறீர்களே, அது எப்படி வந்தது?

---

பெட்டகம்_காரைக்குடி

நன்றி சார். தெரிந்த நகைக்கடைத் தராசில் 11.58 கிராம் வந்தது. படங்கள் ஏற்றியிருக்கிறேன்.

பளபளப்புக்குக் காரணம் ஆச்சி. பொங்கலுக்கு முன்னால் விளக்கு, குத்துச்செம்பு எல்லாவற்றோடும் இந்தக் காசுகளையும் திருநீறு போட்டுத் துலக்கி வைப்பார்கள். கிரீடத்துக்கு மேலே ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பல் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கிறது. அந்த இடம் சற்று மங்கலான சாம்பல் நிறம். அது வார்ப்பிலேயே அப்படியா?

---

வெள்ளிப்பட்டறை_சேலம்

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளியில் வேலை பார்க்கிறவன். அந்த ஓரத்து வழுவழுப்பு வளையம் பற்ற வைத்த தடம். காசை மாலையிலோ சங்கிலியிலோ கோத்திருக்கிறார்கள், பிறகு வளையத்தை எடுத்துவிட்டு அரம் போட்டிருக்கிறார்கள். சாம்பல் நிறம் பற்றுப்பொடியின் மிச்சம்.

காசு ஒரிஜினலா என்று தெரிய ரொம்பச் சுற்ற வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் 11.58-ஐ வகுங்கள். 10.3 பக்கம் வந்தால் பழைய ரூபாய் வெள்ளி. அது வந்துவிட்டால் தைரியமாக ஒரிஜினல் என்று போடுங்கள்.

---

பெட்டகம்_காரைக்குடி

அண்ணே, இப்போதே செய்து பார்த்தேன். தண்ணீருக்குள் 1.12 காட்டியது. வகுத்தால் 10.34. அப்போ ஒரிஜினல்தானே?

---

நாணயக்கண்_மதுரை

பட்டறை அண்ணன் சொன்ன சோதனை நல்ல சோதனை. வீட்டிலேயே செய்ய முடிகிற, காசைக் கீறாத சோதனை அது. வளையத் தடம் பற்றிச் சொன்னதும் சரி. முடிவை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

இந்த ரூபாய் புதிதாக வெளிவந்தபோது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், ஓரத்தையும் மாற்றினார்கள். உங்கள் 11.58-உம் 10.34-உம் என்ன சொல்கின்றன? இது ஈயமோ நிக்கலோ பித்தளையோ இல்லை, 1940-க்கு முந்தைய வெள்ளித் தரம்தான். பயன்பாட்டிலும் துலக்கியதிலும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் சொல்கின்றன.

ஆனால் 1938 ரூபாயும் அதே எடை, அதே வெள்ளி, அதே அச்சு முகம். எட்டின் கீழ் வட்டத்தில் இடப்பக்கத்துத் துணுக்கைச் சுரண்டி எடுத்தால் எடை மில்லிகிராம் கணக்கில்கூடக் குறையாது. அதாவது பொய்யான 1939 இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிடும், ஏனென்றால் அதன் உலோகம் பொய் இல்லை. எதைப் பொய்யாக்கினார்களோ அதைச் சோதிக்க வேண்டும். இங்கே அது கடைசி இலக்கம் ஒன்றுதான்.

உங்கள் படத்தில் நான் பார்த்த வரை: ஆண்டில் இரண்டு ஒன்பது இருக்கிறதல்லவா, முதல் ஒன்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பொதுவாக எட்டின் மேல் வட்டம் ஒன்பதின் வட்டத்தைவிடச் சின்னதாக இருக்கும். அதனால் எட்டிலிருந்து வெட்டிய ஒன்பதுக்குத் தலை சிறுத்துப்போய் நிற்கும். உங்கள் காசில் இரண்டு தலையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் படம் சாய்வாக எடுத்தது, அதனால் உறுதி சொல்ல முடியவில்லை. கடைசி இலக்கத்துக்கு இடப்பக்கம் கீழே சில கீறல்கள் குறுக்காக ஓடுகின்றன. மற்ற இடங்களில் எல்லாம் திருநீற்றுக் கீறல் வட்டமாக ஓடுகிறது, இங்கே மட்டும் திசை மாறுகிறது. அது சுரண்டியதாகவும் இருக்கலாம், பெட்டகத்தில் மற்றக் காசு உரசியதாகவும் இருக்கலாம்.

காசைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்து மறுபடி எடுங்கள். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

---

வெள்ளிப்பட்டறை_சேலம்

சார் சொல்வது புரிகிறது. நான் உலோகத்தைத்தான் சொன்னேன். ஆனால் ஒரு கேள்வி. அவர்கள் குடும்பம் காசு வியாபாரம் செய்யவில்லையே. மாலையில் கோத்த காசில் யார் எட்டை ஒன்பதாக்குவார்கள்?

---

நாணயக்கண்_மதுரை

நியாயமான கேள்வி அண்ணே, அதை நானும் எடைபோடுகிறேன். ஆனால் அந்த வாதம் நிற்க வேண்டுமென்றால், இந்தக் காசு அந்தக் காலத்திலிருந்தே அந்த வீட்டில் இருந்தது என்று காட்ட வேண்டும். வளையத் தடம் காசு ஒரு காலத்தில் மாலையில் இருந்தது என்று சொல்லும். யார் மாலையில் என்று சொல்லாது.

---

ராஜா_விழுப்புரம்

சார் என்னிடம் வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் காசு நாலு இருக்கு. ஒரு காசு பத்து லட்சத்துக்கு எடுக்கிறோம்னு ஒருத்தர் வாட்ஸ்அப்பில் பேசினார். ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்னு முதலில் 2,500 அனுப்பச் சொல்கிறார். அந்தப் பதிவில் தரம் என்னன்னு போடணும்?

---

நாணயக்கண்_மதுரை

ராஜா, பணம் அனுப்பாதீர்கள். பழைய காசு, நோட்டு விற்கிறவர்களிடம் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம், தரகு, வரி என்று சிலர் கேட்பதாக ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. தான் இந்த வியாபாரத்தில் இல்லை, யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தருவார், உங்களிடம் கேட்க மாட்டார்.

அந்தக் காசு 2012-இல் வந்த நினைவுக் காசு. நிறைய வெளிவந்தது. லட்சம் எல்லாம் இல்லை.

---

ராஜா_விழுப்புரம்

ஆதார் படம் ஏற்கெனவே அனுப்பிட்டேன் சார். பணம் அனுப்பலை.

---

தபால்தலை_திருச்சி

ராஜா தம்பி, அந்த எண்ணைத் தடை செய்துவிட்டு 1930-க்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். இணைய மோசடிக்கான உதவி எண் அது. ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கிறது.

1939 விஷயத்துக்கு வருகிறேன். நான் காசு சேர்ப்பவள் இல்லை, தபால்தலை. ஆனால் நாணயக்கண் சார் சொன்னது எங்கள் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. 1948 ஆகஸ்ட் 15-இல் காந்தி தபால்தலை நான்கு மதிப்பில் வந்தது, ஸ்விட்சர்லாந்தில் அச்சடித்தது. அதில் பத்து ரூபாய்த் தலை விலையுள்ளதுதான், ஆனால் கிடைக்கக்கூடியது. அதே தலையில் கவர்னர் ஜெனரல் அலுவலகப் பயன்பாட்டுக்காக SERVICE என்று மேலே அச்சடித்தது நூறே நூறு. 2017-இல் அந்த நூறில் நான்கு ஒட்டியிருந்த துண்டு ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது.

இப்போது மோசடிக்காரர் என்ன செய்வார்? முழுத் தலையையும் போலியாக அடிக்க மாட்டார். அசல் காந்தித் தலையை வாங்கி ஒரு சொல்லை மட்டும் மேலே அடிப்பார். தாள் அசல், மை அசல், துளை எண்ணிக்கை சரி, பசைகூடச் சரி. நான் பார்த்த பதிவு ஒன்றில் விற்றவர் தாளையும் துளையையும் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. அதன் நெருக்கப் படமும் இல்லை. அவருக்கே தெரியுமோ தெரியாதோ, எது கேள்வியோ அதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் ஆதாரம் கொடுத்திருந்தார்.

இந்த மாதிரித் தலைக்கு லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டி போன்ற நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் நான் கை வைக்க மாட்டேன். சான்றிதழில் தலையின் படம் ஒட்டியிருக்கும். துளைப் பற்களும் முத்திரை விழுந்த இடமும் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அசல் சான்றிதழோடு வேறு தலையைச் சேர்த்து விற்பதும் உண்டு.

---

பெட்டகம்_காரைக்குடி

எல்லோருக்கும் நன்றி. ராஜா தம்பி விஷயம் படித்ததும் பகீரென்றது.

புதிய படங்கள் ஏற்றிவிட்டேன். மேலிருந்து எடுத்தது. பத்து மடங்கு லென்ஸ் வழியாகக் கைபேசியில் எடுத்ததும் ஒன்று உண்டு.

தரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. யுஎன்சி போடலாமா? கண்ணுக்குத் தேய்மானம் அதிகம் தெரியவில்லை.

---

கோவை_சேகரிப்பு

நான் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். யுஎன்சி என்று பார்த்தால் நான் எதிர்பார்ப்பது புழக்கத்துக்கே போகாத காசு. அதில் அச்சடித்தபோது உலோகம் ஓடியதால் வரும் ஒரு பளபளப்பு உண்டு. காசை விளக்குக்குக் கீழே சாய்த்துச் சுழற்றினால் ஒளிக்கீற்று சக்கரம் போலச் சுற்றிவரும். துலக்கிய காசில் அது வராது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை வெளேரென்று அடிக்கும், கூர்ந்து பார்த்தால் மயிரிழைக் கீறல் ஆயிரம் இருக்கும். உங்கள் படத்தில் அந்தக் கீறல் தெளிவாகத் தெரிகிறது.

ஒருமுறை இப்படித்தான் 'யுஎன்சி' என்று ஒரு விக்டோரியா ரூபாய் வாங்கினேன். விற்றவர் ஸ்கேனரில் வைத்து எடுத்த படம் போட்டிருந்தார். ஸ்கேனர் நேர் ஒளியைப் போட்டு எல்லாக் கீறலையும் விழுங்கிவிடும். கைக்கு வந்ததும் துலக்கிய காசு என்று தெரிந்தது, திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அதிலிருந்து ஸ்கேனர் படம் மட்டும் இருக்கிற பதிவுக்கு நான் விலையே சொல்வதில்லை.

---

நாணயக்கண்_மதுரை

கோவை நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன்.

தேய்மானத்தை மட்டும் பார்த்தால்: காதுக்குப் பக்கத்து முடி, கிரீடத்தின் பட்டை, புருவம். இவை உயர்ந்து நிற்கும் இடங்கள், முதலில் தேய்வது இவைதான். உங்கள் காசில் கிரீடத்து வேலைப்பாடு நன்றாக நிற்கிறது, காதுக்கு மேல் முடி ஓரளவு சேர்ந்துபோயிருக்கிறது. விஎஃப் என்பேன், அதாவது புழங்கியும் விவரம் நன்றாக நிற்கும் தரம். கொஞ்சம் தாராளமாகப் பார்ப்பவர் அதற்கு ஒரு படி மேலே எக்ஸ்எஃப் என்பார். இரண்டு பேர் பார்த்தால் ஒரு படி மாறும், அதில் தவறில்லை.

ஆனால் துலக்கிய காசுக்கும் வளையத் தடம் உள்ள காசுக்கும் வெறும் தரத்தை மட்டும் போடுவது சரியில்லை. என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தர நிறுவனங்கள்கூட அப்படிப்பட்ட காசுக்கு எண் கொடுப்பதில்லை. விவரம் இந்த அளவு, குறை இது என்று தனியாக எழுதிவிடுவார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள்: "விஎஃப் அளவு விவரம், துலக்கியது, மேல் ஓரத்தில் வளையம் எடுத்த தடம்." குறையைப் பதிவின் கடைசி வரியில் ஒளிக்காமல் தரத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

புதிய படத்துக்கு வருகிறேன். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு ஒன்பதின் தலையும் ஒரே அளவு. அது உங்களுக்குச் சாதகம். குறுக்குக் கீறல் இன்னும் இருக்கிறது. இங்கேதான் துலக்கியது வினையாகிறது. எட்டைச் சுரண்டியிருந்தால் அந்தச் சின்ன இடத்தில் தளம் மற்ற இடத்தைவிட நிறம் மாறி, லேசாகப் பள்ளமாக, தேயாமல் இருக்கும். துலக்காத காசில் பழைய கருமை எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும், சுரண்டிய இடம் மட்டும் வெளிறித் தெரியும். உங்கள் காசில் கருமையே இல்லை. வருஷா வருஷம் திருநீறு போட்டதில் அந்தச் சாட்சி போய்விட்டது. சாதகமாகவும் இல்லை, பாதகமாகவும் இல்லை.

மற்றக் காசுகளை இனி யாரும் துலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிவிசி வாசனை வரும் பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள், பச்சைப் பிசுக்குப் பிடிக்கும்.

---

பெட்டகம்_காரைக்குடி

ஆச்சியிடம் சொல்ல மனசு வரவில்லை. அந்தக் காசுகளைக் கடவுள் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள்.

பர்மா விஷயம் உண்மை சார். தாத்தா ரங்கூனில் கடைக்கணக்கு எழுதினார், 1942-இல் ஊர் திரும்பினார். அவர் எழுதிய கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது, அதில் "வெள்ளி ரூபாய் 14" என்று ஒரு வரி உண்டு. பாட்டி காசுமாலையோடு இருக்கும் கறுப்பு வெள்ளைப் படமும் உண்டு. இவற்றை ஆதாரமாகப் போடலாமா?

---

நாணயக்கண்_மதுரை

போடலாம், போட வேண்டும். ஆனால் அவை எவ்வளவு சொல்கின்றனவோ அவ்வளவு மட்டும் எழுதுங்கள்.

நோட்டு என்ன சொல்கிறது? அந்த வீட்டில் பதினான்கு வெள்ளி ரூபாய் இருந்தது. எந்த ஆண்டுக் காசு என்று இல்லை. அந்த வரிக்குத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். அது 1939-க்கு முன்னால் எழுதியதாக இருந்தால் இந்தக் காசு அந்தப் பதினான்கில் ஒன்றாக இருக்கவே முடியாது. படம் என்ன சொல்கிறது? பாட்டி காசு கோத்த மாலை அணிந்திருந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் ஆண்டு தெரியாது, தெரிகிறது என்றால் அது பெரிய ஆதாரம். பர்மா செய்தி வீட்டில் சொல்லக் கேட்டது. அதை "குடும்பத்தில் சொல்லப்படுவது" என்றே எழுதுங்கள்.

நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் போடும்போது மற்றப் பெயர்கள், கொடுக்கல் வாங்கல் எல்லாம் மறைத்துவிடுங்கள். காசு விற்றால் அந்தப் பக்கத்தின் நகலும் காசோடு போகட்டும். அடுத்து விற்கிறவருக்கும் அது பயன்படும்.

---

பெட்டகம்_காரைக்குடி

அந்த வரியின் தேதி பார்த்தேன். தமிழ் வருஷம் 'விக்ரம', தை மாதம் என்று இருக்கிறது.

---

தபால்தலை_திருச்சி

விக்ரம வருஷம் 1940 ஏப்ரலில் தொடங்குகிறது. தை என்றால் 1941 ஜனவரி, பிப்ரவரி. அப்போ 1939 காசு அதில் இருக்க வாய்ப்பு இருக்கிறது. இருந்தது என்று ஆகாது, ஆனாலும் நல்ல ஆதாரம்தான். நீங்கள் கேட்டதால் கிடைத்த தகவல் இது, பதிவில் கட்டாயம் போடுங்கள்.

---

கோவை_சேகரிப்பு

1911 காசையும் யாரோ கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷக் காசில் மன்னரின் மேலங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, 1912 முதல் அச்சைத் திருத்தினார்கள். அதனால்தான் 1911-க்குத் தனி மவுசு. உங்கள் பதிவில் அந்த யானையின் தும்பிக்கைப் பகுதியைத் தனியாக நெருக்கப் படம் போடுங்கள். எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள்.

இன்னொன்று. 1911 காசு நூறு வயதைத் தாண்டிவிட்டது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள், தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பதிவில் "இந்தியாவுக்குள் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். வெளிநாட்டுத் தர நிறுவனத்துக்கு அனுப்பித் தரம் வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள், 1911-க்கு அது பொருந்தாது. 1939-க்கு அந்தத் தடை இப்போதைக்கு இல்லை.

---

வெள்ளிப்பட்டறை_சேலம்

எங்கள் கடைக்கு இப்படிப் பழைய காசு மாதம் ஒன்றிரண்டு வருகிறது. அதை விற்பதற்கும் உரிமம் வேண்டுமா?

---

கோவை_சேகரிப்பு

தொல்பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது அண்ணே. குடும்பக் காசு ஒன்றிரண்டை விற்பதற்கும், கடை வைத்து விற்பதற்கும் வித்தியாசம் உண்டு என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். மாதாமாதம் வாங்கி விற்கிறீர்கள் என்றால் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

---

பெட்டகம்_காரைக்குடி

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன். பாருங்கள்:

"ஆறாம் ஜார்ஜ் ஒரு ரூபாய், காசில் தெரியும் ஆண்டு 1939. கடைசி இலக்கம் எந்த நிபுணராலும் தர நிறுவனத்தாலும் சரிபார்க்கப்படவில்லை. எடை 11.58 கிராம், தண்ணீர் முறையில் அடர்த்தி 10.34. இது வெள்ளித் தரத்தைக் காட்டும், ஆண்டைக் காட்டாது. விஎஃப் அளவு விவரம். பல முறை துலக்கியது, மயிரிழைக் கீறல் முழுவதும் உண்டு. மேல் ஓரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் வளையம் எடுத்த தடம், பற்றின் மிச்சம் தெரியும். கடைசி இலக்கத்தின் இடப்பக்கம் குறுக்குக் கீறல் உண்டு, நெருக்கப் படம் ஐந்தாவது. குடும்பத்துக் கணக்கு நோட்டில் விக்ரம வருஷம் தை மாதத்தில் 14 வெள்ளி ரூபாய் குறிப்பிடப்பட்டுள்ளது, ஆண்டுகள் குறிக்கப்படவில்லை. ரங்கூனிலிருந்து வந்ததாகக் குடும்பத்தில் சொல்லப்படுகிறது. இலக்கம் மாற்றப்பட்டது என்று தர நிறுவனம் எழுதிக் கொடுத்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்."

---

கோவை_சேகரிப்பு

இப்படி ஒரு பதிவைப் பார்த்தால் நான் உடனே கைபேசியை எடுப்பேன். கடைசி வரிக்கு மட்டும் காலக்கெடு போடுங்கள். எத்தனை மாதத்துக்குள், எந்தத் தர நிறுவனம், அனுப்பும் செலவு யாருடையது என்று இல்லாவிட்டால் பிறகு சண்டை வரும். அனுப்பும் முன் எடைத் தராசில் காசு இருக்கும் படமும், ஓரத்துத் தடத்தின் படமும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு காசு திரும்பி வந்தால் அந்தத் தடமே காட்டிக்கொடுத்துவிடும்.

---

நாணயக்கண்_மதுரை

எழுதியது நேர்மையாக இருக்கிறது. ஆனாலும் நான் இப்போது விற்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். சரிபார்க்காத 1939-க்கு யாரும் 1939 விலை தர மாட்டார்கள். இலக்கம் அசல் என்றால் உங்களுக்கு நஷ்டம். அசல் இல்லை என்றால், இந்த முதல் பதிவு மறைந்து "காரைக்குடிக் குடும்பக் காசு" என்ற பெயர் மட்டும் மூன்றாவது, நான்காவது கைக்குப் போகும். அங்கே யாரோ ஒருவர் ஏமாறுவார். முதலில் சான்று, பிறகு விற்பனை.

---

கோவை_சேகரிப்பு

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை சார். சான்று வாங்கப் பணமும் மாதங்களும் ஆகும், எல்லாக் குடும்பத்தாலும் முடியாது. தெரிந்தது தெரியாதது இரண்டையும் எழுதி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் சந்தேகத்தின் பாரத்தை வாங்குகிறவர் அறிந்தே சுமக்கிறார். நான் சுமக்கத் தயார்.

---

நாணயக்கண்_மதுரை

நீங்கள் சுமப்பீர்கள், உங்களுக்குக் காசு தெரியும். உங்களிடமிருந்து வாங்குகிறவர் இந்த இழையைப் படித்திருக்க மாட்டார்.

---

பெட்டகம்_காரைக்குடி

1911-ஐ இந்த வாரம் பதிவிடுகிறேன், யானைப் படத்தோடு, இந்தியாவுக்குள் மட்டும். 1939 பற்றி அண்ணன் தம்பிகளோடு பேச வேண்டும், அண்ணனுக்கு உடனே விற்க ஆசை. அண்ணன் பங்கிலும் இரண்டு ஆறாம் ஜார்ஜ் காசு இருப்பதாகச் சொல்கிறார். அதில் 1938 இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து இங்கே போடுகிறேன்.

---

நாணயக்கண்_மதுரை

1938 கிடைத்தால் மிக நல்லது. ஒரே விளக்கு, ஒரே தூரம், ஒரே கோணம். எட்டின் மேல் வட்டத்தையும் உங்கள் கடைசி ஒன்பதின் வட்டத்தையும் அப்போது அளந்தே பார்த்துவிடலாம். அண்ணனிடம் துலக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்.